நான்காவது செல்லும் ஒன்றரைப் பக்க மினிட்ஸும்: ஒரு பேட்டரிப் புகார் எப்படி எழுதி முடிக்கப்படுகிறது

குமரி மாவட்டத்தில் இன்வெர்ட்டர் இல்லாத நடுத்தர வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆடிக் காற்றோ ஐப்பசி மழையோ, ஒரு ரப்பர் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதை அனுபவித்தவர்கள் பேட்டரியை ஒரு ஆடம்பரச் சாமானாக நினைப்பதில்லை. அது பாதியில் கைவிட்டால் கோபம் வருவதும் அதனால்தான்.

அந்தக் கோபம் கடையில் தொடங்கும், கஸ்டமர் கேர் எண்ணில் சில வாரம் சுற்றும், அப்புறம் சில நேரம் ஒரு மேசைக்கு வந்து சேரும். ஒரு பக்கம் வாங்கியவர், மறுபக்கம் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேலாளர், நடுவில் விற்ற கடைக்காரர். பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். அதை யாராவது ஒருவர் மினிட்ஸாக, அதாவது கூட்டக் குறிப்பாக, எழுதுவார். மனக்குறை என்ன, கம்பெனி என்ன சொல்கிறது, என்ன தீர்வு என்று மூன்று பகுதிகளாக ஒன்றரைப் பக்கம் வரும். பேச்சு நன்றாக முடிந்தும் எழுத்து சொதப்பியதால் இரண்டு மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் புகார்கள் உண்டு. அந்த ஒன்றரைப் பக்கம் எங்கே பலமாக இருக்க வேண்டும் என்பதை ஒரு மாதிரிப் புகாரை வைத்துப் பார்ப்போம்.

தக்கலைப் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை. 2023 ஜூன் 12 அன்று 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்றை 16,500 ரூபாய்க்கு வாங்கினார். வாரண்டி கார்டில் ‘36 + 18’ என்று இருக்கிறது. முதல் 36 மாதத்துக்குள் பழுதானால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 18 மாதத்தில் என்றால், ஆன வயதுக்கு ஏற்ப விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு புதியது தருவார்கள். 2025 ஆகஸ்டில், அதாவது 26ஆவது மாதத்தில், பேட்டரி மக்கர் செய்யத் தொடங்கியது. கம்பெனி ஆள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு ‘ஓகே’ என்று எழுதிப் போய்விட்டார். செப்டம்பர் 19 அன்று கடையில் கூட்டம்.

டீச்சர் கூட்டத்துக்கு வந்ததும் சொன்னது: “என்ன ஏமாத்திட்டாங்க சார். ரெண்டு வருசம்கூட ஒழுங்கா ஓடல. வந்து பாக்க ஆளும் ஒண்ணும் சொல்லாம போறாரு.” இதை அப்படியே எழுதினால் மனக்குறை ஆகாது. ‘பேட்டரி சரியில்லை எனப் புகார்தாரர் தெரிவித்தார்’ என்று சுருக்கினாலும் ஆகாது. முதலாவதில் கோபம் மட்டும் இருக்கிறது, இரண்டாவதில் அதுவும் இல்லை. எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு, எந்த நிலையில் என்பதுதான் மனக்குறைப் பகுதிக்குள் வர வேண்டும்.

அதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போட வேண்டியிருக்கிறது. டீச்சர் வீட்டில் கரண்ட் போனால் ஓடுபவை மூன்று மின்விசிறி, ஐந்து எல்.இ.டி. பல்பு. பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட், பல்புக்கு 10 வாட் என்று வைத்தால் 275 வாட் ஆகிறது. செல்போன் சார்ஜரையும் சேர்த்து 300 என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர்; பெருக்கினால் 1,800 வாட்-ஹவர். இதில் முழுவதும் வீட்டுக்கு வந்து சேராது. பேட்டரியை ஒரேயடியாகக் காலி செய்யக் கூடாது, இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். இரண்டுக்கும் சேர்த்துக் கழித்தால் 1,150 வாக்கில் நிற்கும். அதை 300ஆல் வகுத்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வேகமாக இழுக்கும்போது பேட்டரியின் கொள்ளளவு இன்னும் கொஞ்சம் குறையும் என்பதால், மூன்று முதல் மூன்றரை மணி நேரம் நியாயமான எதிர்பார்ப்பு. டீச்சருக்கு இப்போது கிடைப்பது 35 நிமிடம்.

ஆக, மனக்குறைப் பகுதியில் போக வேண்டிய வாக்கியம் இப்படி அமைகிறது: ‘மூன்று மின்விசிறியும் ஐந்து எல்.இ.டி. பல்பும் ஓடும்போது முன்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்ற பேட்டரி, 2025 ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து 35 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஆகஸ்ட் 18, 29 ஆகிய நாள்களில் புகார் பதிவு செய்யப்பட்டது. இரண்டு வருகையிலும் பழுது இல்லை என எழுதப்பட்டது.’ அதன் கீழே பேட்டரியின் மேல் அச்சடித்த தொடர் எண்ணும் பில் எண்ணும் வர வேண்டும். தொடர் எண் இல்லாத மினிட்ஸ் எந்த பேட்டரியைப் பற்றியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ‘ஏமாத்திட்டாங்க’ என்பதை விட்டுவிடலாம். அது பொய் என்பதால் அல்ல. அந்த ஒரு சொல்லை மறுத்துப் பேசுவதிலேயே எதிர்த்தரப்பு அரை மணி நேரத்தைக் கழித்துவிடும்.

கம்பெனியின் நிலைப்பாட்டை எழுதுவதில் இன்னும் பெரிய சறுக்கல் நடக்கிறது. ‘நிறுவனம் மறுத்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எழுதுபவர் வாங்கியவர் பக்கம் சாய்ந்திருந்தால் இப்படித்தான் வரும். ஆனால் அது வாங்கியவருக்குத்தான் நட்டம். இன்று ஒரு காரணம் சொன்ன கம்பெனி நாளை வேறு காரணம் சொல்ல அந்த ஒற்றை வரி வழி திறந்து விடுகிறது. எந்தக் காரணத்தின் மேல் மறுக்கிறார்கள், எதைக் காட்டி மறுக்கிறார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, அவர்களிடமே வாசித்துக் காட்டி, ‘இவ்வளவுதானா சார், வேறு ஏதாவது உண்டா?’ என்று கேட்டுவிட வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் மேலாளர் சொன்னவை இரண்டு. முதலாவது, வாரண்டி கார்டின் பின்பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய தேதிகளை எழுத வேண்டிய கட்டங்கள் காலியாக இருக்கின்றன. எனவே பராமரிப்பு இல்லை, எனவே வாரண்டி இல்லை. இரண்டாவது, கம்பெனி ஆள் இரு முறையும் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 12.7 வோல்ட் காட்டியது. எனவே பேட்டரியில் குறையே இல்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைத்தாலே ஒரு விஷயம் கண்ணில் படும். பராமரிப்பு இல்லாததால் கெட்டுப்போனது என்று ஒரு கை சொல்கிறது, கெடவே இல்லை என்று மறு கை சொல்கிறது. மேசையைச் சுற்றிப் பேசும்போது இது யாருக்கும் உறைக்காது. எழுதும்போது உறைக்கும்.

முதல் காரணத்துக்கு டீச்சரின் பதில்: “எழுதல, சரிதான். ஆனா மாசத்துக்கொருக்க மூடியத் தொறந்து வெள்ளம் பாப்பேன். கடையில வாங்கின டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்துனது, கெணத்து வெள்ளம் ஊத்தல.” இதையும் குறிப்பில் ஏற்ற வேண்டும், எழுதவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டதையும் சேர்த்து. கட்டம் காலியாக இருப்பதும் தண்ணீர் ஊற்றாததும் ஒன்றல்ல. ஆனால் இந்த இரண்டு பேச்சில் எது சரி என்பதை மேசையில் யாராலும் தீர்மானிக்க முடியாது. பேட்டரிதான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் கூட்டத்துக்கு முந்தைய நாள் டீச்சர் வீட்டில் இரு தரப்பும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தியிருந்தார்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள பேட்டரியைக் கடைக்குத் தூக்கி வருவதைவிட ஆள் போவது சுலபம். இந்தச் சோதனைத் தாள்தான் மொத்த மினிட்ஸின் முதுகெலும்பு என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

12 வோல்ட் பேட்டரி என்பது உள்ளே ஆறு தனித்தனி செல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட். மேலே ஆறு மூடிகள் இருப்பது அதனால்தான். ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. சார்ஜ் ஏறினால் அமிலம் கெட்டியாகும், இறங்கினால் நீர்த்துப்போகும். அந்த அடர்த்தியை அளக்க ஹைட்ரோமீட்டர் போதும். ரப்பர் குமிழை அழுத்தி விட்டால் கண்ணாடிக் குழாய்க்குள் அமிலம் ஏறும், உள்ளே ஒரு மிதவை நிற்கும், அதன் மேல் அளவு இருக்கும். இந்த வகை பேட்டரியில் முழு சார்ஜில் 1.240 பக்கம் காட்ட வேண்டும்.

முழுதாகச் சார்ஜ் ஏற்றி, இணைப்பைக் கழற்றிச் சில மணி நேரம் ஆறவிட்டு, ஒவ்வொரு செல்லாக அளந்தார்கள். முதல் மூன்று செல்கள் 1.230, 1.235, 1.230. ஐந்தாவது 1.225, ஆறாவது 1.230. நான்காவது மட்டும் 1.110.

இந்த ஆறு எண்கள்தான் வழக்கைத் திருப்பின. தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தால் ஆறு செல்களும் ஒன்றுபோல வற்றியிருக்கும். மூடிகளில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் ஆறு மிதவைகளும் அடியில் கிடந்திருக்கும். இங்கே ஆறும் சரியான மட்டத்தில் நின்றன. அளவுக்கு மேல் லோடு போட்டோ, சரியாகச் சார்ஜ் ஏறாமலோ கெட்டிருந்தால் ஆறு செல்களிலும் அடர்த்தி விழுந்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் விஷயமும் அப்படித்தான், ஊற்றுபவர் ஆறு மூடிக்குள்ளும் ஊற்றுவார். ஒரே வீட்டில், ஒரே சார்ஜரில், ஒரே கையால் பராமரித்த ஆறில் ஒன்று மட்டும் படுத்துவிட்டால், காரணத்தை வீட்டில் தேடுவதைவிட அந்தச் செல்லுக்குள் தேடுவதுதான் முறை.

மேலாளரும் லேசுப்பட்டவர் அல்ல, நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார். நான்காவது செல்லிலிருந்து எப்போதாவது அமிலம் பொங்கி வழிந்து, அந்த இடத்தை வெறும் தண்ணீரால் நிரப்பியிருந்தால்? அப்போதும் அடர்த்தி குறைவாகத்தானே காட்டும்? உண்மைதான், காட்டும். ஆனால் இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. சார்ஜ் முழுமையடையும் கட்டத்தில் நல்ல செல் குமிழ் விடும். அமிலம் நீர்த்துப்போயிருந்தாலும் தகடு நன்றாக இருந்தால் குமிழ் வரும். உள்ளே தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்ட செல் சார்ஜை வாங்கிக்கொள்ளாது, அதனால் குமிழும் விடாது. முந்தைய நாள் மூடிகளைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ஐந்து செல்கள் சோடா போலப் பொரிந்துகொண்டிருந்தன. நான்காவது சும்மா கிடந்தது. டெக்னீஷியன் அதைத் தாளில் எழுதி, கீழே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேலாளர் அதற்கு மேல் அந்தக் கேள்வியைத் தொடரவில்லை.

அப்படியானால் அந்த 12.7 வோல்ட்? அது பொய்யல்ல. சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் பேட்டரி கொஞ்ச நேரம் கூடுதலாகவே காட்டும். ஆறவிட்டு அளந்தபோது அதே பேட்டரி 12.3தான் காட்டியது. அதையும் வெறுமனே வைத்து அளந்தால் போதாது. லோடு போட்டதும் நான்காவது செல் முதலில் காலியாகிறது, மொத்த வோல்டேஜ் பத்தரைக்குப் பக்கம் சரிகிறது, இன்வெர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. ஐந்து செல்களில் தெம்பு மிச்சமிருந்தும் வீடு இருட்டாகிறது. ‘வோல்டேஜ் ஓகே’ என்று மட்டும் எழுதிப் போகும் ஜாப் கார்டை நான் அரைகுறைச் சோதனையாகத்தான் எடுத்துக்கொள்வேன். மினிட்ஸில் அந்த இரண்டு ஜாப் கார்டுகளையும் குறிப்பிட்டு, ‘அவற்றில் செல்வாரியாக அடர்த்தி அளக்கப்படவில்லை’ என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. யாரையும் குறை சொல்லாத வரி அது, ஆனால் இருந்தே ஆக வேண்டிய வரி.

சோதனைத் தாளை மனக்குறைக்குள்ளும் நுழைக்கக் கூடாது, கம்பெனி நிலைப்பாட்டுக்குள்ளும் நுழைக்கக் கூடாது. ‘இரு தரப்பும் சேர்ந்து பார்த்தவை’ என்று தனிப் பகுதியாக நிற்க வேண்டும். அவர் சொன்னது, இவர் சொன்னது, இருவரும் கண்ணால் கண்டது என்று மூன்றும் கலந்துவிட்டால், பிறகு வாசிப்பவருக்கு எண்களும் ஒரு தரப்பின் வாதமாகத்தான் தெரியும்.

இனி தீர்வு. பேச்சில் இது ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. மேலாளர், “சரி டீச்சர், மாத்தித் தந்திருவோம்” என்றார். வழக்கமாக இது ‘பேட்டரியை விரைவில் மாற்றித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது’ என்று மினிட்ஸில் ஏறும். கேட்க நன்றாக இருக்கும் இந்த வாக்கியத்துக்குள் குறைந்தது நாலு சண்டை ஒளிந்திருக்கிறது. விரைவில் என்றால் எப்போது? தருவது புதிய பேட்டரியா, வேறொருவரிடமிருந்து திரும்பி வந்து சரிசெய்யப்பட்டதா? அதற்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து? தராவிட்டால் என்ன?

வாரண்டித் தேதியில்தான் கொஞ்சம் இழுபறி நடந்தது. டீச்சர் புதிதாக 36 மாதம் கேட்டார். மாற்றித் தந்த பேட்டரிக்குப் பழைய பில் தேதியிலிருந்து மீதமுள்ள காலம் மட்டுமே வாரண்டி என்பது கம்பெனியின் விதி, கார்டிலும் அச்சாகியிருக்கிறது. பேட்டரி வாரண்டிகளில் பரவலாக உள்ள விதிதான் இது. வாங்கும்போது யாரும் வாசிப்பதில்லை என்பது வேறு விஷயம். அந்தக் கணக்கில் இலவச மாற்றத்துக்கான காலம் 2026 ஜூன் 11 அன்று முடிகிறது. இடையில் ஒரு யோசனை வந்தது: ஆகஸ்ட் 18 அன்று முதல் புகார் கொடுத்ததிலிருந்து புதிய பேட்டரி மாட்டும் நாள் வரை டீச்சருக்கு வாரண்டியால் ஒரு பயனும் இருக்கவில்லை, அந்த நாள்களை மட்டும் முடிவுத் தேதியோடு கூட்டிக் கொடுங்கள். மேலாளர் தன் மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். மன உளைச்சலுக்கு 5,000 ரூபாய் என்று கேட்டதற்கு இறங்கி வரவில்லை. இரண்டாவது வருகைக்கு வாங்கிய 350 ரூபாயைத் திருப்பித் தரச் சம்மதித்தார்.

இப்படியாகத் தீர்வுப் பகுதி இந்த வடிவத்துக்கு வந்தது: ‘அதே மாடலில், பயன்படுத்தப்படாத புதிய பேட்டரி ஒன்றை நிறுவனம் 2025 செப்டம்பர் 26க்குள் புகார்தாரர் வீட்டில் தன் செலவில் கொண்டுவந்து மாட்டித் தரும். பழைய பேட்டரியை அப்போதே எடுத்துச் செல்லும். அதற்குத் தனி விலை கிடையாது. வாரண்டி பழைய பில் தேதியிலிருந்து தொடரும். ஆகஸ்ட் 18 முதல் மாட்டும் நாள் வரையான நாள்கள் கூட்டிக்கொள்ளப்படும். 350 ரூபாய் அதே நாளில் திருப்பித் தரப்படும். செப்டம்பர் 26க்குள் மாட்டித் தராவிட்டால், பில் தொகை 16,500 ரூபாயை அக்டோபர் 10க்குள் திருப்பித் தரும்.’ கடைசி வாக்கியத்துக்கு மேலாளர் முகம் சுளித்தார். ‘நாங்க தருவோம்னு சொல்றோமே, அப்புறம் எதுக்கு?’ என்று கேட்கத்தான் செய்வார்கள். தருவதாக இருந்தால் அந்த வாக்கியத்தால் அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை என்பதுதான் பதில்.

பழைய பேட்டரியைப் பற்றிய வரி சில்லறை விஷயம் போலத் தெரியும். ஆனால் பழைய ஈயத்துக்கு நல்ல விலை உண்டு, கடையில் கழிவு விலையாகச் சில ஆயிரம் தருவார்கள். இலவச மாற்றத்தில் பழையது கம்பெனிக்குப் போவதுதான் வழக்கம். எழுதாமல் விட்டால் மாட்ட வரும் அன்று வாசலில் நின்று வாக்குவாதம்.

எழுதி முடித்ததும் கம்பெனி தரப்பிலிருந்து இரண்டு வாக்கியங்கள் வந்தன. பெரும்பாலும் இந்த இரண்டும் வரும். ஒன்று, ‘உற்பத்திக் குறைபாட்டை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில் மாற்றித் தருகிறோம்.’ இதைக் கண்டதும் டீச்சருக்கு மறுபடி கோபம் வந்தது. என் அபிப்பிராயத்தில் இதற்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டார்களா இல்லையா என்பதைவிட, ஆறு செல்களின் அளவும் இரு கையெழுத்தும் அதே தாளில் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். நல்லெண்ணம் என்ற சொல் 1.110ஐ மாற்றிவிடாது. ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வாக்கியம் கம்பெனி நிலைப்பாட்டுப் பகுதியில் இருக்கட்டும், தீர்வுப் பகுதியில் வேண்டாம். அங்கே போனால் ‘நல்லெண்ணத்தில் தருவதாகச் சொன்னதுதான், கட்டாயம் இல்லை’ என்று வாதிட இடம் கிடைத்துவிடும்.

இரண்டாவது வாக்கியம் ஆபத்தானது: ‘இத்துடன் புகார்தாரரின் அனைத்துக் கோரிக்கைகளும் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தன.’ கையெழுத்துப் போட்ட நொடியில் எல்லாம் தீர்ந்துவிட்டதாக இது சொல்கிறது, பேட்டரி இன்னும் கிடங்கை விட்டுக் கிளம்பவேயில்லை. போதாததற்கு ‘அனைத்து’ என்பதற்குள் அடுத்த வருடம் வரக்கூடிய வேறொரு பழுதும் அடங்கிவிடலாம். இதை அடித்துவிடச் சொன்னால் கம்பெனி சம்மதிக்காது, அவர்களுக்கும் கோப்பை மூட வேண்டும். திருத்தினால் போதும்: ‘மேற்கண்ட தீர்வு முழுமையாக நிறைவேற்றப்பட்டு, புதிய பேட்டரி வேலை செய்வதைப் புகார்தாரர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து, இந்தத் தொடர் எண்ணுள்ள பேட்டரி பற்றிய இந்தப் புகார் தீர்ந்ததாகக் கொள்ளப்படும்.’ எல்லாம் எப்போது தீர்கிறது, எது தீர்கிறது என்ற இரண்டும் கட்டுப்பட்டுவிட்டன.

இவ்வளவு பார்க்க வேண்டியிருப்பதற்குக் காரணம், இந்த மினிட்ஸ் இரு தரப்புக்கும் இடையிலான ஒரு ஒப்பந்தம் மட்டுமே என்பது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது சமரச மையத்தில் எட்டும் தீர்வை ஆணையம் தன் உத்தரவாகவே பதிவு செய்யும், அதற்கு உத்தரவின் பலம் உண்டு. கடையில் உட்கார்ந்து எழுதிய தாளுக்கு அது கிடையாது. கம்பெனி சொன்னபடி செய்யாவிட்டால், இதைச் சான்றாக எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்துக்குப் போக வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி எங்கே இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருடம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து எண்ணப்படும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் தானாக நின்றுவிடாது. ஆணையம் தேவைப்பட்டால் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்பும். அதற்குள் பழைய பேட்டரி கம்பெனி கைக்குப் போய் உருக்கப்பட்டிருந்தால், அந்தச் செல் அளவுத் தாளும் போட்டோக்களும்தான் மிச்சம்.

கையெழுத்து வாங்கும்போதும் ஒரு சின்ன விஷயம். மேலாளர் தன் பெயருக்குக் கீழே பதவியையும், மேலிட ஒப்புதலை யாரிடம் எந்த நேரத்தில் வாங்கினார் என்பதையும் எழுத வேண்டும். ‘அவருக்கு அந்த அதிகாரம் இல்லை’ என்று தலைமை அலுவலகம் பிறகு சொல்வது புதிதல்ல. கடைக்காரர் வழக்கம்போல, “நான் வெறும் டீலர்தானே, நான் எதுக்கு?” என்று ஒதுங்கப் பார்த்தார். பில் அவர் பெயரில் இருக்கிறது, புதிய பேட்டரி வந்து இறங்கப் போவதும் அவர் கடையில். ‘பேட்டரி வந்த மறுநாளுக்குள் வீட்டில் சேர்ப்பது என் பொறுப்பு’ என்று ஒரு வரி எழுதி அவரும் கையெழுத்துப் போட்டார். மூன்று பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாயிற்று. அன்று மாலையே கம்பெனியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்து ஸ்கேன் பிரதி ஒன்று டீச்சரின் மகளுக்கும் போய்ச் சேர்ந்தது.